பேனல் சொன்னது மட்டும்: இன்டர்வியூ குறிப்புகளைச் சுருக்கி எழுதுவது எப்படி

எச்.ஆர். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் மாதத்திலேயே வந்து சேரும் வேலைகளில் இது ஒன்று. மூன்று பேர் ஒரு வேட்பாளரை இன்டர்வியூ செய்கிறார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு தாளில் கிறுக்கித் தருகிறார்கள். அதையெல்லாம் படித்து, பலங்கள், தயக்கங்கள், பரிந்துரை என்று ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போடப் போகிறவரிடம் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுகிறவர் அந்த இன்டர்வியூவில் இருந்திருக்க மாட்டார். அவருக்குத் தெரியப்போவது உங்கள் ஒரு பக்கம்தான். அதில் நீங்கள் தெரியாமல் சேர்க்கும் ஒரு ‘சிறு’ அல்லது ‘இருந்தாலும்’ பேனலின் கருத்தாகவே அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். வேண்டுமென்று யாரும் தன் கருத்தைத் திணிப்பதில்லை. வாக்கியத்தை அழகாக முடிக்கப் போய்த்தான் அது உள்ளே நுழைகிறது. அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் சொற்களைப் பற்றியே பேசும்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி, பையர் தரும் ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து ஷிப்மென்ட் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியும் வேட்பாளரும் விளக்கத்துக்காக நான் எழுதிக்கொண்டவை. ஆனால் குறிப்புகள் இப்படித்தான் வரும், இதே அரைகுறை வாக்கியங்களில். பேனலில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர், ப்ரொடக்ஷன் மேனேஜர், எச்.ஆர். மேனேஜர் என மூன்று பேர். மதிப்பெண் 5-க்கு. தாள்களில் வரும் டைம் அண்டு ஆக்ஷன் காலண்டர் என்பது ஆர்டரின் எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணை. லேப் டிப் என்பது பையர் நிறத்தை ஒப்புக்கொள்வதற்காகச் சாயம் போட்டுக் காட்டும் சிறு துணி மாதிரி. ஃப்ளோர் என்பது ஃபேக்டரியில் உற்பத்தி நடக்கும் இடம்.

மெர்ச்சண்டைசிங் மேனேஜரின் தாள்: “4 வருஷ அனுபவம், ஐரோப்பிய பையர். டைம் அண்டு ஆக்ஷன் காலண்டர் போடச் சொன்னேன். ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி, லேப் டிப் அப்ரூவல் வரை தேதி போட்டுக் காட்டினார். நல்லா பண்ணினார். காஸ்டிங் வீக். துணி கணக்கில் வேஸ்டேஜ் சேர்க்கலை. சொன்னதும் திருத்தினார். 4. எடுக்கலாம்.”

ப்ரொடக்ஷன் மேனேஜரின் தாள்: “பேச்சு நல்லா இருக்கு. ஃப்ளோர் அனுபவம் இல்லை, கஷ்டம். டையிங்கில் ஷேடு மாறி வந்தால் என்ன செய்வீர்கள்? ‘பையரிடம் கேட்பேன்.’ 4 வருஷத்தில் 3 கம்பெனி. 2. யோசிக்கணும்.”

எச்.ஆர். மேனேஜரின் தாள்: “இங்கிலீஷ் மெயில் டெஸ்ட் கொடுத்தேன், தெளிவாக எழுதினார். வேலை மாறியதற்குக் காரணம்: முதல் கம்பெனி மூடியது, இரண்டாவதில் சம்பளம் பாக்கி. நோட்டீஸ் 60 நாள். வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். 4. 30 நாளில் சேர முடிந்தால் எடுக்கலாம்.”

முதலில் தாள்களை வாங்குவது

மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதற்கு முன்பே தாள்களை வாங்கிவிடுங்கள். பேச்சு முடிந்த பிறகு வாங்கினால், உங்களுக்குக் கிடைப்பது மூன்று குறிப்புகள் அல்ல. அறையில் சத்தமாகப் பேசியவரின் ஒரே குறிப்பு, மூன்று கையெழுத்தில். 2 போட்டவர் மற்ற இருவரும் 4 போட்டதைக் கேட்டதும் பேனாவை எடுத்து 3 ஆக்குவது எல்லா கம்பெனிகளிலும் நடப்பதுதான்.

வாங்கிய கையோடு ஒருமுறை படியுங்கள். கையெழுத்து புரியாத இடம், மதிப்பெண் விட்டுப்போன இடம், பாதியில் நின்ற வாக்கியம் எல்லாவற்றையும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். அதே வாரத்தில் இன்னும் ஐந்து பேரைப் பார்க்கப்போகும் மேனேஜரிடம் வெள்ளிக்கிழமை போய் “திங்கட்கிழமை வந்தவரைப் பற்றி இங்கே என்ன எழுதியிருக்கிறீர்கள்” என்று கேட்டால், அவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்.

ஒவ்வொரு வரியும் எந்த வகை?

சுருக்கம் எழுத உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவதும் இதைத்தான். குறிப்பில் உள்ள வரிகள் மூன்று வகை. வேட்பாளர் சொன்னது அல்லது செய்தது ஒரு வகை. அதைப் பற்றி பேனல்காரர் என்ன நினைத்தார் என்பது இன்னொரு வகை. எடுக்கலாமா வேண்டாமா என்பது மூன்றாவது. தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘நடந்தது’, ‘கருத்து’, ‘முடிவு’ என்று குறித்துக்கொண்டு போனால் போதும்.

மெர்ச்சண்டைசிங் மேனேஜரின் தாளில் “பின்னோக்கித் தேதி போட்டுக் காட்டினார்” என்பது நடந்தது. “நல்லா பண்ணினார்” கருத்து. இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் இது பலம் என்பதில் குழப்பமில்லை. “காஸ்டிங் வீக்” கருத்து, “வேஸ்டேஜ் சேர்க்கலை” அதற்கான ஆதாரம். சரி, “சொன்னதும் திருத்தினார்” என்ன வகை? அது நடந்தது மட்டும்தான். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, சும்மா பதிவு செய்தாரா என்று தாளில் இல்லை.

இங்கேதான் கை துறுதுறுக்கும். “விரைவாகக் கற்றுக்கொள்பவர்” என்று எழுதிப் பலங்களில் சேர்த்துவிடத் தோன்றும். அப்படி ஒரு கருத்தை பேனலில் யாரும் சொல்லவில்லை, அது உங்களுடையது. திருத்தியதையே விட்டுவிட்டு “காஸ்டிங் வீக்” என்று மட்டும் எழுதினாலும் தப்புதான். அவர் எழுதியதில் பாதியைக் காணோம். இரண்டையும் அவர் எழுதிய வரிசையிலேயே, தயக்கம் என்ற தலைப்பின் கீழ் சேர்த்து வைப்பதுதான் வழி. எந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும் என்பதை ‘வீக்’ என்ற அவருடைய சொல் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

ப்ரொடக்ஷன் மேனேஜரின் ஷேடு கேள்வி இன்னும் சிக்கல். கேள்வி இருக்கிறது, பதில் இருக்கிறது, கருத்து இல்லை. 2 போட்டிருக்கிறாரே, நிச்சயம் பிடிக்காமல்தான் எழுதியிருப்பார் என்று ஊகிக்கலாம். ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் மெர்ச்சண்டைசர் என்பவர் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்பவர்; பையரிடம் உடனே சொல்வது நல்ல பழக்கம் என்று நினைக்கிற மேனேஜர்களும் உண்டு. அதனால் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: “ஷேடு பற்றிய பதிலை எதற்காகக் குறித்தீர்கள்?” இப்படித்தான் கேட்க வேண்டும். “அந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள்.

அவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “முதலில் அப்ரூவ் ஆன லேப் டிப்போடு வைத்துப் பார்க்கணும். திரும்ப டையிங்குக்கு அனுப்பிச் சரிசெய்ய முடியுமான்னு கேட்கணும். அதைச் செய்யாமல் நேராக பையரிடம் போனால் ஷிப்மென்ட் தள்ளிப்போகும்.” இப்போது அது தயக்கம், அதுவும் காரணத்தோடு. இது இன்டர்வியூ தாளில் இல்லாமல் பிறகு கேட்டு வாங்கியது என்பதைச் சுருக்கத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். பிடிக்க முடியவில்லை, அவர் லீவில் போய்விட்டார் என்றால், பலத்திலும் போடாமல் தயக்கத்திலும் போடாமல் ‘கருத்து குறிக்கப்படாத பதிவு’ என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். படிப்பவர் தானே தீர்மானித்துக்கொள்வார்.

ஒரே சொல், இரண்டு பொருள்

ப்ரொடக்ஷன் மேனேஜர் “பேச்சு நல்லா இருக்கு” என்கிறார். எச்.ஆர். மேனேஜர் இங்கிலீஷ் மெயில் தெளிவாக இருந்தது என்கிறார். இரண்டையும் சேர்த்து “சிறந்த தகவல் தொடர்புத் திறன்” என்று எழுதினால் வரி மிச்சம். ஆனால் ஒருவர் பேசியதைக் கேட்டார், மற்றவர் எழுதியதைப் படித்தார். மெர்ச்சண்டைசர் வேலையில் இந்த இரண்டும் வேறு வேறு. பையருக்கு மெயில் எழுதுவது ஒன்று. டையிங் யூனிட்காரரிடம் போனில் துணியைக் கேட்டு வாங்குவது வேறொன்று. மேலும் ‘சிறந்த’ என்று இருவருமே எழுதவில்லை. ஒருவர் ‘நல்லா’ என்றார், மற்றவர் ‘தெளிவாக’ என்றார்.

அளவைக் குறிக்கும் சொற்களை அப்படியே எடுத்து வையுங்கள். ‘ஓரளவு’, ‘கொஞ்சம்’, ‘ரொம்ப’, ‘வீக்’, ‘கஷ்டம்’ எல்லாம் கரடுமுரடாக இருக்கிறதே, ஆபீஸ் தாளில் இதைப் போடலாமா என்று தோன்றும். தோன்றினால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். “காஸ்டிங் ‘வீக்’” என்று எழுதினால் அது யாருடைய சொல் என்பது தெரிந்துவிடும். அதை “காஸ்டிங்கில் மேம்பாடு தேவை” என்று நாகரிகமாக்கினால், குறையின் அளவு உங்கள் கையில் சுருங்கிவிடுகிறது.

“பேனல் கருதுகிறது” என்பது இன்னொரு வழுக்கல். மூன்று பேரும் எழுதியிருந்தால் மட்டுமே அப்படி எழுதலாம். ஃப்ளோர் அனுபவம் பற்றி ஒருவர் எழுதினார், மற்ற இருவர் அதைத் தொடவே இல்லை. மற்றவர்கள் பேசாமல் இருந்ததால் ஒப்புக்கொண்டார்கள் என்றும் ஆகாது, மறுத்தார்கள் என்றும் ஆகாது. “ப்ரொடக்ஷன் மேனேஜர் மட்டும் குறித்தது” என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். அந்த ‘மட்டும்’ அவரைத் தனி ஆளாக்கி, அவர் சொன்னதன் எடையைக் குறைத்துவிடுகிறது. “ப்ரொடக்ஷன் மேனேஜர் குறித்தது” என்பதே போதும்.

‘ஆனால்’, ‘இருந்தாலும்’

என்னைக் கேட்டால், சுருக்கம் எழுதுகிறவரின் கருத்து அதிகம் ஒளிந்திருப்பது பெயரடைகளில்கூட இல்லை. இந்த இணைப்புச் சொற்களில்தான். 4 ஆண்டில் 3 கம்பெனி என்று ஒருவர் குறித்திருக்கிறார். வேலை மாறியதற்கான காரணத்தை இன்னொருவர் எழுதியிருக்கிறார். இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

“4 ஆண்டில் 3 கம்பெனி மாறியிருந்தாலும், முதல் கம்பெனி மூடப்பட்டதும் இரண்டாவதில் சம்பளம் பாக்கி இருந்ததும் காரணம்.”

“முதல் கம்பெனி மூடப்பட்டது, இரண்டாவதில் சம்பளம் பாக்கி என்று வேட்பாளர் சொன்னாலும், 4 ஆண்டில் 3 கம்பெனி மாறியிருக்கிறார்.”

தகவல் ஒன்றேதான். முதலாவது வேட்பாளருக்காக வாதாடுகிறது. இரண்டாவது அவரைச் சந்தேகப்படுகிறது. தமிழில் வாக்கியம் எதில் முடிகிறதோ அதில்தான் எடை விழும். அதனால் இரண்டு தகவலையும் தனித்தனி வாக்கியமாக்கி, யார் சொன்னது என்று முன்னால் போட்டு, நடுவில் எதுவும் இல்லாமல் வையுங்கள். கொஞ்சம் மொட்டையாக இருக்கும். பரவாயில்லை. பேனல்காரரே ஒரு தாளில் ‘ஆனால்’ போட்டிருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். அது அவருடைய ‘ஆனால்’. இரண்டு பேரின் தாள்களை ஒட்டவைக்கும் ‘ஆனால்’ எப்போதும் உங்களுடையது.

காரணத்தைச் சொன்னவர் யார் என்பதையும் விடாதீர்கள். முதல் கம்பெனி மூடியது என்பது வேட்பாளர் சொன்னது. எச்.ஆர். மேனேஜர் அதை எழுதி வைத்தார், விசாரித்து உறுதி செய்யவில்லை. “முதல் கம்பெனி மூடப்பட்டது” என்று நீங்கள் எழுதினால் அது உண்மை நிலவரம் போலப் படிக்கும். “மூடப்பட்டது என்று வேட்பாளர் சொன்னார்” என்பதுதான் தாளில் இருப்பது.

எழுதக் கூடாத வரி

கல்யாணப் பேச்சு பற்றிய வரி சுருக்கத்தில் வரக் கூடாது. வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காக வேறுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. சாதி, மதம், எந்த ஊர்க்காரர், குழந்தை எப்போது என்பதெல்லாம் இதே வகைதான்.

அப்படியானால் விட்டுவிடுவதும் நம் சொந்த முடிவுதானே என்று கேட்கலாம். ஆமாம், அதனால்தான் யாருக்கும் தெரியாமல் விடக் கூடாது. எழுதியவரிடம் நேரில் சொல்லுங்கள்: “மேடம், இந்த வரியைச் சுருக்கத்தில் சேர்க்கவில்லை, வேலைக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட விவரம்.” அவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருந்து, சேர்த்தே ஆக வேண்டும் என்றால், எச்.ஆர். தலைமையிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம் அது. மூலத் தாளை மட்டும் கிழிக்கவோ அடிக்கவோ வேண்டாம். அது அவருடைய பதிவு. நாளைக்குக் கேள்வி வந்தால் அது இருந்தபடி இருக்க வேண்டும்.

பரிந்துரை

4, 2, 4. கூட்டி வகுத்தால் 3.3 வரும். அந்த எண்ணை எழுதவே எழுதாதீர்கள். மூன்று பேரும் சுமார் என்று நினைத்தால் கிடைக்கும் சராசரியும், இரண்டு பேர் விரும்பி ஒருவர் மறுத்தால் கிடைக்கும் சராசரியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். படிப்பவருக்குத் தெரிய வேண்டியது, இந்த ஃபேக்டரியில் அவரோடு தினமும் மல்லுக்கட்டப் போகிற ப்ரொடக்ஷன் மேனேஜர் 2 போட்டார் என்பது. சராசரி அதை மூடிவிடும்.

“பெரும்பான்மை எடுக்கலாம் என்கிறது” என்பதும் வேண்டாம். பெரும்பான்மைப்படி முடிவெடுப்போம் என்று பேனல் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, ஓட்டு எண்ணுவது நீங்கள் புதிதாகக் கொண்டுவந்த விதி. அதோடு இங்கே இரண்டு ‘எடுக்கலாம்’ ஒன்றல்ல. ஒருவருடையது நிபந்தனை இல்லாதது. இன்னொருவருடையது 30 நாளில் சேர்ந்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது, வேட்பாளரின் நோட்டீஸோ 60 நாள். நிபந்தனையை வெட்டிவிட்டால் அந்த ‘எடுக்கலாம்’ அவர் சொன்னதே இல்லை. “யோசிக்கணும்” என்பதையும் வேண்டாம் என்று மாற்றக் கூடாது. எதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்; பதில் கிடைத்தால் சேருங்கள், இல்லாவிட்டால் அந்தச் சொல்லே இருக்கட்டும். பேனல் பிளவுபட்டிருந்தால், பிளவுபட்டிருக்கிறது என்பதுதான் பரிந்துரைப் பகுதியில் வர வேண்டிய செய்தி.

கெட்டுப்போன சுருக்கமும் சரியான சுருக்கமும்

புதியவர் ஒருவர் இந்தத் தாள்களிலிருந்து நல்லெண்ணத்தோடு எழுதினால் பெரும்பாலும் இப்படி வரும்:

“4 ஆண்டு அனுபவமுள்ள இவர் ஆர்டர் திட்டமிடலில் தேர்ந்தவர். சிறந்த தகவல் தொடர்புத் திறன் கொண்டவர். காஸ்டிங்கில் சிறு குறை இருந்தாலும் விரைவாகக் கற்றுக்கொள்கிறார். வேலை மாறியதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. ஃப்ளோர் அனுபவம் குறைவு. பேனலின் கருத்து பெரும்பாலும் சாதகம், சராசரி 3.3. எடுக்கப் பரிந்துரைக்கிறோம்.”

வாசிக்க வழவழவென்று இருக்கிறது. தேர்ந்தவர், சிறந்த, சிறு, விரைவாக, நியாயமான, பெரும்பாலும் ஆகிய ஆறு சொற்களும் மூன்று தாள்களில் எதிலும் இல்லை. ‘அனுபவம் இல்லை’ என்பது ‘குறைவு’ ஆகிவிட்டது. ஷேடு பதிலும் 30 நாள் நிபந்தனையும் காணாமல் போய்விட்டன. இதே தாள்களிலிருந்து எழுத வேண்டியது இது:

*பலங்கள்.* ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி லேப் டிப் அப்ரூவல் வரை டைம் அண்டு ஆக்ஷன் காலண்டரைப் போட்டுக் காட்டினார், “நல்லா பண்ணினார்” (மெர்ச்சண்டைசிங்). “பேச்சு நல்லா இருக்கு” (ப்ரொடக்ஷன்). இங்கிலீஷ் மெயில் டெஸ்ட்டைத் தெளிவாக எழுதினார் (எச்.ஆர்.).

*தயக்கங்கள்.* காஸ்டிங் “வீக்”: துணி கணக்கில் வேஸ்டேஜ் சேர்க்கவில்லை, சொன்னதும் திருத்தினார் (மெர்ச்சண்டைசிங்). ஃப்ளோர் அனுபவம் இல்லை, “கஷ்டம்” (ப்ரொடக்ஷன்). ஷேடு மாறி வந்தால் பையரிடம் கேட்பேன் என்றார். லேப் டிப்போடு ஒப்பிடாமல், டையிங்கில் சரிசெய்ய முடியுமா என்று கேட்காமல் பையரிடம் போனால் ஷிப்மென்ட் தள்ளிப்போகும் (ப்ரொடக்ஷன், பிறகு போனில் கேட்டது).

*கருத்து குறிக்கப்படாத பதிவுகள்.* 4 ஆண்டு அனுபவம், ஐரோப்பிய பையர் (மெர்ச்சண்டைசிங்). 4 ஆண்டில் 3 கம்பெனி (ப்ரொடக்ஷன்). முதல் கம்பெனி மூடியது, இரண்டாவதில் சம்பளம் பாக்கி என்று வேட்பாளர் சொன்னார் (எச்.ஆர்.). நோட்டீஸ் 60 நாள் (எச்.ஆர்.).

*பரிந்துரை.* பேனல் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மெர்ச்சண்டைசிங்: 4, எடுக்கலாம். ப்ரொடக்ஷன்: 2, “யோசிக்கணும்”. எச்.ஆர்.: 4, 30 நாளில் சேர முடிந்தால் எடுக்கலாம்.

3 கம்பெனி மாறியது எங்கே போயிருக்கிறது பாருங்கள். அது தயக்கம்தான் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். ப்ரொடக்ஷன் மேனேஜர் அதைக் குறை என்று எழுதவில்லை. ஷேடு பற்றிப் போன் செய்தபோதே இதையும் கேட்டிருந்தால் இடம் மாறியிருக்கும்.

அனுப்பும் முன்

சரிபார்ப்பை இரண்டு திசையிலும் செய்யுங்கள். முதலில் சுருக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் தாளில் மூலம் எது என்று விரல் வைத்துப் பாருங்கள். விரல் வைக்க இடமில்லாத சொல் உங்களுடையது, அடித்துவிடுங்கள். அப்புறம் தாளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியும் சுருக்கத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் திசையில் நீங்கள் சேர்த்தது பிடிபடும், இரண்டாவது திசையில் நீங்கள் விழுங்கியது பிடிபடும். நிறைய பேர் முதல் திசையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஷேடு பதில் போன்றவை இரண்டாவதில்தான் சிக்கும்.

பிறகு இன்டர்வியூவில் இல்லாத, வேட்பாளரைத் தெரியாத சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, “இதை எழுதினவருக்கு இந்த ஆளை எடுக்க விருப்பமா, இல்லையா?” என்று கேளுங்கள். அவர் சட்டென்று பதில் சொன்னால் எங்கே தெரிந்தது என்று காட்டச் சொல்லுங்கள். வேட்பாளரின் பெயர், படம், தொடர்பு விவரம் இல்லாத பிரதியைக் காட்டுவது நல்லது.

கடைசியாக, மூன்று பேனல்காரர்களுக்கும் அனுப்பி “உங்கள் பெயரில் உள்ள வரிகள் நீங்கள் சொன்னதுதானா?” என்று கேளுங்கள். கேள்வியை அதோடு நிறுத்த வேண்டும், “சுருக்கம் சரியா?” என்றால் மற்றவர் வரிகளிலும் கை வைப்பார்கள். இந்தக் கட்டத்தில் யாராவது மற்றவர்களின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை மாற்றச் சொன்னால், மாற்ற அவருக்கு உரிமை உண்டு. பழையதை அழிக்காமல், “ப்ரொடக்ஷன்: 2, மற்ற இருவரின் குறிப்புகளைப் படித்தபின் 3” என்று தேதியோடு இரண்டையும் எழுதுங்கள்.

கையெழுத்துப் போடுகிறவர் சுருக்கத்தை மேசையில் வைத்துவிட்டு “சரி, நீ என்னப்பா நினைக்கிறே?” என்று கேட்பதும் உண்டு. நீங்கள் வேட்பாளரைச் சந்தித்திருந்தால் வாயால் சொல்லுங்கள், இது என் கருத்து என்று சொல்லியே தொடங்குங்கள். சந்திக்கவில்லை, தாள்களைப் படித்ததோடு சரி என்றால், அதையே பதிலாகச் சொல்லிவிட்டு, சந்தேகம் உள்ள இடத்துக்கு ப்ரொடக்ஷன் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.